எதிர் லைட்டைச் சுற்றி வெள்ளை வட்டம். சார்ட்டில் 6/6 படிக்கிறேன், அப்புறம் ஏன்?

குன்றக்குடிக்காரன்
எல்லோருக்கும் வணக்கம். வயது 51. வீடு குன்றக்குடியில், கடை காரைக்குடியில். கடையைச் சாத்திவிட்டுக் கிளம்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். சரக்கு எடுக்க மதுரை போனால் திருப்பத்தூர் வழியாகத் திரும்பி வரும்போது கட்டாயம் இருட்டிவிடும்.

கொஞ்ச காலமாக எதிரே வரும் வண்டியின் லைட் புள்ளியாகத் தெரிவதில்லை. சுற்றிலும் வெள்ளையாகப் பரவி, பாதி ரோட்டை மறைக்கிறது. வண்டி கடந்த பிறகும் இடது ஓரம் உடனே தெரிவதில்லை. போன வாரம் பிள்ளையார்பட்டி விலக்கில் ஓரமாக நின்ற மாட்டை என் மனைவி சொன்ன பிறகுதான் பார்த்தேன்.

கண்ணாடிக் கடையில் காட்டினேன். சார்ட்டில் கடைசி வரி வரை படித்தேன். 6/6, பவர் மாறவில்லை, வயசானா இப்படித்தான் சார் என்றார்கள். லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட்டும் வாங்கியாகிவிட்டது. கண் சரியாக இருக்கிறது என்றால் இது என்ன? ராத்திரி ஓட்டுவதை விட்டுவிடத்தான் வேண்டுமா?

டெம்போ தம்பி
அண்ணே, உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. ஊர்ல பாதிப் பேரு ஹாலஜன் பல்பு இருந்த டூம்ல ஆன்லைன்ல வாங்குன எல்இடிய மாட்டிக்கிட்டு வர்றான். அந்த டூம் அதுக்குன்னு செஞ்சது இல்ல, வெளிச்சம் கன்னாபின்னான்னு மேல அடிக்கும். எனக்கு 29 வயசு, எனக்கே கூசுது. மஞ்சக் கண்ணாடி ஒண்ணு வாங்கிப் போடுங்க, 300 ரூபாதான். எங்க ஸ்டாண்டுல எல்லாரும் அதத்தான் போட்டு ஓட்டுறோம்.

கோட்டையூர் ஆச்சி
இது மாலைக்கண்ணுதான் தம்பி. எங்க அண்ணன் மகன் சின்னதுலேர்ந்தே பொழுது சாஞ்சா தட்டுத் தடவித்தான் நடப்பான். முருங்கைக்கீரையும் கேரட்டும் நெறையச் சாப்பிடுங்க. மாட்டு ஈரலும் சொல்லுவாக, எங்க வீட்டுல அதெல்லாம் ஆகாது.

ஓய்வுபெற்ற பரிசோதகர்
கண் ஆஸ்பத்திரியில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆச்சி, நீங்கள் சொல்வது இருட்டே தெரியாத கோளாறு. இவருக்கு இருட்டு தெரிகிறது, வெளிச்சம் வந்தால்தான் தெரியவில்லை. இரண்டும் வேறு. சத்துக்குறைவு இல்லாத ஐம்பது வயதுக்காரருக்குக் கீரை நல்லதுதான், ஆனால் லைட் வட்டம் அதனால் போகாது. உங்கள் அண்ணன் மகனைத் தயவுசெய்து விழித்திரை டாக்டரிடம் காட்டுங்கள். சிறு வயதிலிருந்தே அப்படி என்றால் பரம்பரையாக வரும் விழித்திரை நோயாக இருக்கலாம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் அதை அதிகம் பார்த்திருக்கிறோம்.

டெம்போ தம்பி, டூம் விஷயம் முழுக்கச் சரி. மஞ்சள் கண்ணாடியை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருட்டில் ஏற்கெனவே வெளிச்சம் போதாது, அதிலும் ஒரு பங்கை அந்தக் கண்ணாடி பிடித்துக்கொள்கிறது. எதிர் லைட் குறைவதால் இதமாகத் தோன்றும். ஓரத்தில் கருப்புச் சட்டையில் நடந்துபோகிறவரும் அதே அளவு மங்கிவிடுவார். 2019இல் அமெரிக்காவில் கார் சிமுலேட்டரில் வைத்துச் சோதித்தபோது, ரோட்டில் நடப்பவரைக் கண்டுபிடிப்பதில் அந்தக் கண்ணாடியால் ஒரு லாபமும் தெரியவில்லை.

குன்றக்குடிக்காரர் சார், 6/6 என்பது விளக்கணைத்த அறையில், கறுப்பு எழுத்தை வெள்ளைப் பலகையில், எதிரே எந்த லைட்டும் இல்லாமல் படித்தது. லைசென்ஸ் படிவம் 1ஏ கேட்பதும் நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா என்பதைத்தான். மாலைக்கண் உண்டா என்று ஒரு வரி இருக்கிறது, அதற்குப் பெரும்பாலும் வாயால் கேட்டு எழுதிக்கொள்வார்கள். கண் கூசும்போது எவ்வளவு தெரிகிறது என்பதை இரண்டிலும் யாரும் அளக்கவில்லை. உங்கள் கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அளக்காததைப் பற்றிச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

வீட்டிலேயே சிலதைப் பார்த்து எழுதுங்கள். வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு, ஓட்டாமல் பாருங்கள். முதலில் முன்கண்ணாடி வழியாகத் தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். பிறகு பக்கத்துக் கண்ணாடியை இறக்கி வெறும் கண்ணால் அதே மாதிரி விளக்கைப் பாருங்கள். வட்டம் பாதியாகக் குறைந்தால் குற்றம் முன்கண்ணாடியில். உட்புறம் டாஷ்போர்டு பாலிஷ் படலமாகப் படிந்திருக்கும், வெளியே கோடைப் புழுதியில் வைப்பர் போட்டுப் போட்டு வில்லு வில்லாகக் கீறியிருக்கும். அடுத்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். நன்றாகக் கண்ணைச் சிமிட்டினால் ஓரிரு நொடியாவது தெளிகிறதா? அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு அதன் வழியே பார்த்தால் வட்டம் சுருங்குகிறதா? வட்டத்தில் வானவில் நிறம் உண்டா? பகல் வெயிலில் எப்படி? என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், சுகர் உண்டா?

தேவகோட்டை ரஸ்தா
எனக்கு 63. ரெண்டு கண்ணும் புரை ஆபரேஷன் ஆச்சு. பேப்பர் படிக்கவும் கண்ணாடி வேண்டாம் என்று சொல்லி விலை கூடின லென்ஸ் வைத்தார்கள். பேப்பர் படிக்கிறேன், வாஸ்தவம். ஆனால் ராத்திரி ஒவ்வொரு லைட்டையும் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு லென்ஸ் கேட்டிருப்பேன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம்.

ஓய்வுபெற்ற பரிசோதகர்
ரஸ்தா சார், வளையம் ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்திலேயே இருந்ததா, நடுவில் வந்ததா? முதலிலிருந்தே என்றால் அது அந்த லென்ஸின் சுபாவம். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் வெளிச்சத்தைப் பங்கு போடுவதால் வளையம் வரும். பலருக்குச் சில மாதத்தில் மூளை பழகிக் குறைகிறது, சிலருக்குக் குறைவதில்லை. ஆரம்பத்தில் நன்றாக இருந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து மங்கியது என்றால் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் பை வெளுத்திருக்கலாம். அதை லேசரில் சில நிமிடத்தில் திறந்துவிடுவார்கள், கத்தி வேண்டாம்.

தேவகோட்டை ரஸ்தா
முதலிலிருந்தே. பழகவும் இல்லை.

புதுவயல் மருமகள்
ஐயா, நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்க அத்தைக்கு 58 வயசு, வண்டி ஓட்டுறவுக இல்ல. சாயந்தரம் விளக்கு வச்ச பிறகு ட்யூப் லைட்டைச் சுற்றி கலர் கலரா வட்டம் தெரியுதுன்னு சொல்றாக. அப்ப வலது புருவத்துக்கு மேல வலிக்கும். ஒரு தடவை வாந்தியும் வந்துச்சு. தூங்கி எந்திரிச்சா சரியாகிடும். ஒற்றைத் தலைவலின்னு மாத்திரை குடுத்துருக்காக. தூரப் பார்வைக்கும் பிளஸ் பவர் கண்ணாடி போடுறாக. இதுவும் வயசுக் கோளாறுதானா?

ஓய்வுபெற்ற பரிசோதகர்
அம்மா, இழையை அப்புறம் படியுங்கள். அத்தையை இன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

நிற வட்டம், ஒரு பக்க வலி, வாந்தி, பிளஸ் பவர், இத்தனையும் ஒன்றாக வந்தால் கண் அழுத்தம் திடீர் திடீரென்று ஏறி இறங்குகிறது என்று நினைத்துத்தான் ஓட வேண்டும். பிளஸ் பவர்க்காரர்களுக்குக் கண் சின்னது, உள்ளே நீர் வடியும் மூலை குறுகல். விளக்கு மங்கலாக இருக்கும்போது கண்பாப்பா விரிந்து அந்த மூலையை அடைக்கிறது. அதனால்தான் சாயந்தரம் வருகிறது, தூக்கத்தில் பாப்பா சுருங்கியதும் விடுகிறது. என்றைக்காவது விடாமல் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் பார்வை போகலாம். அங்கே போனதும், வலி வரும்போது கலர் வட்டம் தெரிகிறது என்ற அந்த வார்த்தையைச் சொல்லுங்கள். அழுத்தமும் மூலையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் பாப்பா விரிக்கும் சொட்டு மருந்து போடப் போனால், இந்த விவரத்தைச் சொல்லி நிறுத்துங்கள். சளிக்கு மாத்திரை எதுவும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம், சிலது இதைத் தூண்டிவிடும்.

டெம்போ தம்பி
ஐயா, பயமுறுத்துறீங்களே. எனக்கும் சில நேரம் கலரா தெரியும்.

ஓய்வுபெற்ற பரிசோதகர்
கண்ணாடியில் பனி படிந்தாலும் தெரியும் தம்பி, கண்ணில் பீளை இருந்தாலும் தெரியும். வலியும் மங்கலும் சேர்ந்து வந்தால்தான் ஓட வேண்டும். ஆனால் 29 வயதில் ஸ்டாண்டிலேயே எல்லோருக்கும் கூசுகிறது என்கிறீர்களே, கடைசியாகப் பவர் எப்போது பார்த்தீர்கள்? சிலிண்டர் என்று சீட்டில் எழுதுவார்களே, அந்தச் சாய்வுப் பவர் கொஞ்சம் இருந்தாலும் பகலில் சமாளித்துவிடுவீர்கள். ராத்திரி பாப்பா விரிந்ததும் லைட் கோடு கோடாக இழுக்கும்.

டெம்போ தம்பி
பார்த்ததே இல்லீங்க.

குன்றக்குடிக்காரன்
ஐயா சொன்னபடி பார்த்தேன். பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாலும் வட்டம் அப்படியே இருக்கிறது. இடது கண்ணில் லேசாகத்தான். வலது கண்ணால் மட்டும் பார்த்தால் தெருவிளக்கு ஒரு பெரிய வெள்ளைப் பந்தாகத் தெரிகிறது. சிமிட்டினால் மாற்றமில்லை, துளையில் பார்த்தாலும் பெரிதாகச் சுருங்கவில்லை. நிறம் எதுவும் இல்லை.

பகல் விஷயம் நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். கடைக்குள் கணக்கு நோட்டு நன்றாகத் தெரிகிறது. வாசலில் வெயிலுக்கு வந்து பில்லைப் படித்தால் வலது கண்ணில் எழுத்து கலைகிறது. வெளிச்சம் கூடினால் நன்றாகத் தெரிய வேண்டும் அல்லவா, இங்கே தலைகீழாக இருக்கிறது. சுகர் இல்லை. தோல் அலர்ஜிக்காக ஒருவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நாலைந்து வருஷமாக அரிக்கும்போதெல்லாம் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். அட்டையில் பிரெட்னிசோலோன் என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற பரிசோதகர்
அது ஸ்டீராய்டு. நீங்கள் எழுதியதெல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது. பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் சந்தேகம் இதுதான்.

கண் லென்ஸின் நடுப்பகுதி பழுத்து மஞ்சளாவதுதான் நமக்குத் தெரிந்த கண்புரை. அது மெதுவாக வரும், மைனஸ் பவர் ஏறிக்கொண்டே போகும். இன்னொரு வகை லென்ஸின் பின்தோலில், நட்டநடுவில், சின்னத் திட்டாக வரும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் நாற்பது, ஐம்பதிலேயே வந்துவிடும். வெயிலில் பாப்பா சுருங்கினால் வெளிச்சம் முழுவதும் அந்தத் திட்டு வழியாகத்தான் போயாக வேண்டும், அதனால் பில் படிக்க முடியவில்லை. கடைக்குள் பாப்பா கொஞ்சம் விரிவதால் ஓரத்து வழியாகத் தப்பித்துப் படித்துவிடுகிறீர்கள். சார்ட் அறையும் அப்படித்தான்.

ராத்திரி எதிர் லைட் அந்தத் திட்டில் பட்டுச் சிதறி, விழித்திரை முழுக்க வெள்ளையாகப் படர்கிறது. சினிமா ஓடும்போது கொட்டகைக் கதவைத் திறந்தால் திரை வெளுத்துப்போகும், படம் அதே படம்தான். அந்த மாதிரி மாடும் அங்கேயேதான் நிற்கிறது, வெளுப்பில் கரைந்துவிடுகிறது. வெள்ளைச் சட்டைக்காரர் தப்பித்துவிடுவார், எருமை தப்பிக்காது.

மதுரை அரவிந்த் மாதிரி பாப்பாவை விரித்து லென்ஸைப் பார்க்கும் இடத்துக்குப் போங்கள். கண்ணாடிக் கடை போதாது. இரண்டு விஷயம் கேளுங்கள். சார்ட் படிக்கும்போதே பக்கவாட்டில் டார்ச் அடித்து, எந்த வரி வரை இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரித்த பிறகு சில மணி நேரம் கண் கூசும், நீங்கள் ஓட்டாதீர்கள், பஸ்ஸில் போங்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். தொடர்ந்து போட்ட ஸ்டீராய்டை டாக்டர்தான் படிப்படியாக இறக்க வேண்டும். அது கண் அழுத்தத்தையும் ஏற்றும், அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

புதுவயல் மருமகள்
ஐயாவுக்குக் கோடி நன்றி. அத்தைக்கு வலது கண் அழுத்தம் ரொம்ப ஏறியிருந்துச்சு. மருந்து குடுத்து இறக்கி, மறுநாள் லேசர்ல சின்னதா ஒரு துளை போட்டாக. இடது கண்ணுக்கும் முன்ஜாக்கிரதையா போட்டுட்டாக. இப்ப கலர் வட்டம் இல்ல.

கோட்டையூர் ஆச்சி
நல்லவேளை. அண்ணன் மகனுக்கும் நாள் வாங்கியாச்சு. முருங்கைக்கீரை மட்டும் விடமாட்டேன்.

குன்றக்குடிக்காரன்
போய் வந்தேன். டார்ச் இல்லாமல் வலது கண் 6/6. டார்ச் அடித்ததும் 6/18 வரிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. இடது கண் 6/9. விரித்துப் பார்த்துவிட்டு வலது லென்ஸின் பின்பக்கம் புரை, இடதில் ஆரம்பம் என்றார் டாக்டர். அழுத்தம் சரியாக இருக்கிறது. தொந்தரவு இருப்பதால் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்யலாம், அவசரமில்லை, தை கடைசியில் வாருங்கள் என்கிறார். இரவில் ஓட்டலாமா என்று கேட்டதற்கு, பார்த்து ஓட்டுங்கள் என்றார். பார்க்க முடியாததுதானே பிரச்சினை!

எப்போது நிறுத்துவது என்று இங்கே யாராவது கணக்காகச் சொல்ல முடியுமா?

டெம்போ தம்பி
எதிர் லைட்டப் பாக்காதீங்க அண்ணே, இடது வெள்ளக் கோட்டப் பாத்துக்கிட்டே ஓட்டுங்க. முன்னாடி ஒரு பஸ் போச்சுன்னா அதோட பின் லைட்டப் பிடிச்சுப் போங்க. அவன் பாத்துக்குவான்.

ஓய்வுபெற்ற பரிசோதகர்
வெள்ளைக் கோடு யோசனை நல்லது, கோடு இருக்கும் ரோட்டுக்கு. பஸ்ஸைப் பிடித்துப் போக வேண்டும் என்று மனசு தேட ஆரம்பித்தாலே, சொந்தக் கண்ணை நம்பவில்லை என்று அர்த்தம் தம்பி. எதிர் வண்டி ஒவ்வொன்றுக்கும் பிரேக்கில் கால் போவது, வேகத்தடையைக் கண் பார்க்காமல் சக்கரம் பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முதலில் மாட்டைப் பார்ப்பது, இதெல்லாம் வட்டத்தை விட முக்கியமான அடையாளம். வட்டம் பெரிதாக இருந்தும் நன்றாக ஓட்டுபவர்கள் உண்டு. வெளுப்பு எவ்வளவு நேரம் கழித்து விலகுகிறது என்பதில்தான் ஆபத்து.

கணக்கு கேட்டீர்கள். உங்கள் ரோட்டிலேயே வேறு யாரையாவது ஓட்டச் சொல்லி நீங்கள் இடது சீட்டில் உட்காருங்கள். எதிர் வண்டி கடந்த கணத்திலிருந்து, இடது ஓரத்துப் புளியமரமோ மண் விளிம்போ மறுபடி தெரியும் வரை ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ணுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. மூன்று எண்ணினால் 50 மீட்டர். டிம் லைட்டில் கறுப்பு உடைக்காரர் தெரியும் தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான், பல நேரம் அதைவிடக் குறைவு. பார்த்து, பிரேக் மிதித்து, நிற்பதற்கே 60இல் 45 மீட்டர் போகும், அதுவும் காய்ந்த ரோட்டில். ஆக மூன்று எண்ணுகிறவர் ஒவ்வொரு எதிர் வண்டிக்கும் தன் லைட் காட்டிய ரோடு முழுவதையும் பார்க்காமலே கடக்கிறார்.

40க்கு இறக்கினால் நிற்க 26 மீட்டர் போதும், ஆனால் மூன்று நொடியில் இன்னும் 33 மீட்டர் குருடாகத்தான் ஓடும். இரண்டுக்கு மேல் எண்ண வேண்டி வந்தால் நான் நிறுத்தச் சொல்வேன். இது என் அளவுகோல், எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தேவகோட்டை ரஸ்தா
ரெண்டு நொடி என்று பார்த்தால் எங்கள் வயதில் பாதிப் பேர் வண்டியை விற்க வேண்டியதுதான். நடுராத்திரி நெஞ்சுவலி என்றால் எங்கள் வீட்டு ஆச்சியை யார் கூட்டிப் போவது? 108 வரும் வரை உட்கார்ந்திருக்க முடியுமா?

ஓய்வுபெற்ற பரிசோதகர்
வயதில் எல்லோருக்கும் கொஞ்சம் கூடும், ஒப்புக்கொள்கிறேன். அறுபதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், கூசிய பிறகு தெளியவும் நேரமாகும். அதனால்தான் ஆளுக்கு ஆள் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். நெஞ்சுவலிக்கு விதி கிடையாது, தெருவில் ஓட்டத் தெரிந்த ஒருவர் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருவது நெஞ்சுவலி இல்லையே.

தேவகோட்டை ரஸ்தா
பேச்சுக்குச் சரி. கிராமத்தில் இருந்து பார்த்தால் தெரியும்.

குன்றக்குடிக்காரன்
மகனை ஓட்டவிட்டு எண்ணினேன். லாரிக்கு நாலு வரை போகிறது, பைக்குக்கு ரெண்டு. மழைத் தூறலில் எண்ணவே முடியவில்லை, ரோடே தெரியவில்லை.

மார்கழி முடிந்தால் எங்கள் ரோட்டில் பழனி பாதயாத்திரைக்காரர்கள் விடிய விடிய இடது ஓரத்தில்தான் நடப்பார்கள். அதனால் ஆபரேஷன் வரை ராத்திரி எட்டு மணி டவுன் பஸ். கடையைப் பையன் சாத்துவான். மதுரை சரக்குக்கு விடியற்காலை கிளம்பி வெளிச்சத்தோடு திரும்பிவிடுகிறேன்.

ஒரு கேள்வி பாக்கி. ரஸ்தா சார் அனுபவத்தைப் படித்த பிறகு லென்ஸ் எதை வைப்பது என்று குழப்பம். டாக்டர் இரண்டு வகைக்கும் விலைப் பட்டியல் கொடுத்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற பரிசோதகர்
ராத்திரி ஓட்டுவது உங்களுக்கு முக்கியம் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னவருக்குத் தூரத்துக்கான ஒற்றைப் பவர் லென்ஸைத்தான் நான் சிபாரிசு செய்வேன், பில் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். சாய்வுப் பவர் இருந்தால் அதையும் சேர்த்துத் திருத்தும் லென்ஸ் தேவையா என்று கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து டாக்டர் சரி என்ற பிறகும் முதல் ராத்திரி இடது சீட்டில் உட்கார்ந்து மறுபடி எண்ணுங்கள். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

டெம்போ தம்பி
ஐயா, பவர் பாத்தேன். சாய்வு ரெண்டு கண்ணுலயும் இருக்காம். மஞ்சக் கண்ணாடிய யாருக்காச்சும் வேணுமா, 150க்குத் தர்றேன்.